கேள்வி-பதில்: ஈரத்தலையும் எண்ணெய்ப் பாட்டிலும்

ஓசூரில் செகண்ட் ஷிப்ட். ராத்திரி வந்து தலைக்குக் குளித்து, கொண்டை போட்டுப் படுத்துவிடுவேன். காலையில் தலை ஊறல் துணி மாதிரி நாறுகிறது. கடைக்காரர் 'பூஞ்சை போக்கும் மூலிகை எண்ணெய்' என்று 480 ரூபாய்க்குக் கொடுத்தார். தேய்த்தபின் நாற்றம் கூடிவிட்டது.

கூடத்தான் செய்யும். மலசீசியா என்ற பூஞ்சை எல்லார் தலையிலும் இருக்கிறது, தலையில் சுரக்கும் எண்ணெய்ப் பசைதான் அதற்குச் சோறு. ஆய்வகத்தில் அதை வளர்க்கவே ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள், இங்கே அதைக் கொல்ல எண்ணெய் விற்கிறார்கள்! இந்த வியாபாரத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லேபிளில் மருந்தின் பெயரும் சதவீதமும் இல்லையென்றால் அது வெறும் எண்ணெய். பில் இருந்தால் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு 1915-க்குக் கூப்பிடுங்கள், நுகர்வோர் உதவி எண்.

சரி, ஷிப்டுக்கு மதியம்தானே போகிறீர்கள், காலையில் குளித்தால் என்ன? ராத்திரிதான் முடியும் என்றால் கொண்டை வேண்டாம். பழைய பனியன் துணியால் தேய்க்காமல் அழுத்தி ஒற்றி, முடியைப் பிரித்துவிட்டு ஃபேன் முன்னால் பிடரியைக் காட்டி உட்காருங்கள். டிரையர் என்றால் மிதச்சூடு, ஒரு சாண் தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தாமல் வேரிலிருந்து. பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம். நுனி லேசாக ஈரமாக இருந்தால் பரவாயில்லை. தலையணை உறையையும் துவைத்து வெயிலில் போடுங்கள், பாதி நாற்றம் அதில்தான். அரிப்பும் செதிலும் இருந்தால் டாக்டரைக் கேட்டு 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு. போட்ட உடனே அலசாமல் 3 முதல் 5 நிமிடம் ஊறவிட வேண்டும், வாரம் இரண்டு முறை.

தர்மபுரி பொருட்காட்சியில் 250 ரூபாய்க்கு டிரையர் வாங்கினேன். போட்டதும் பிளாஸ்டிக் கருகும் வாடை. பில் வாங்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள். நான் வாங்கிய மலிவு டிரையரில் ஒயரே இளகியது, ஆனால் பில் இருந்ததால் பணம் வந்தது. பில்லும் கேட்காமல் வந்துவிட்டு என்னைக் கேட்டால்?

பாலக்கோடு. 6 வயது மகனுக்குத் தலையில் வட்டமாக முடி கொட்டி, செதில். ஈரத்தலையோடு தூங்க வைத்தேன் என்று மாமியார் திட்டுகிறார். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் மூன்று களிம்பு கொடுத்தார்கள், சரியாகவில்லை.

உங்கள் மேல் தப்பில்லை அம்மா. இது படர்தாமரை போலத் தெரிகிறது. மற்ற பிள்ளைகளிடமிருந்தோ, சீப்பிலிருந்தோ, பூனையிடமிருந்தோ ஒட்டுவது, ஈரத்தில் தானாக முளைப்பதில்லை. பூஞ்சை முடியின் வேருக்குள் போய்விடுவதால் களிம்பு எட்டாது, வாய்வழி மருந்துதான் வேண்டும், அதுவும் வாரக்கணக்கில். களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் நோயை மறைத்துப் பரப்பும். மூன்று டியூபையும் எடுத்துக்கொண்டு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவுக்குப் போங்கள். சீட்டில்லாமல் விற்றதை மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். பையனுக்குத் தனிச் சீப்பு.

சாம்பிராணி போட்டால் ஈரம் போகுமா?

வாசம் வரும். ஈரம் கொஞ்சம் குறைந்தால் அது தணலின் சூட்டால். வீட்டில் இளைப்புக்காரர் இருந்தால் வேண்டவே வேண்டாம்.