சாத்தான் கையைப் பிடித்துத் திருட வைப்பானா?

"எங்களுக்கு ஏற்காடு. என் தம்பி காபி எஸ்டேட்டில் மேஸ்திரி. ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய வாரக் கூலியை எடுத்து மூணு நம்பர் லாட்டரியில் விட்டுவிட்டான். கேட்டால் ‘நான் செய்யலக்கா, சாத்தான் செய்ய வச்சான்’ என்று அழுகிறான். நாங்கள் ஆர்.சி. சேலத்தில் ஒரு ஊழியக்காரர் பிசாசை விரட்ட 40,000 ரூபாய் கேட்டு, 5,000 முன்பணமும் வாங்கிவிட்டார். பக்கத்து வீட்டு பாய், இது ஷைத்தான் வேலை, ஒருவரிடம் தாயத்து வாங்கிக் கட்டுங்கள் என்கிறார். சாத்தான் யார்? அவனால் ஒருத்தனைப் பாவம் செய்ய வைக்க முடியுமா? யூதர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?"

முதலில், மீதி 35,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் கேட்ட மூன்று மதங்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. சாத்தான் தூண்டுவான், ஆசை காட்டுவான், பொய் சொல்வான். மனம் ஒப்பாதவனைப் பாவியாக்க அவனால் முடியாது.

யூதர்களிடமிருந்து தொடங்குகிறேன், பழைய கணக்கு அவர்களுடையது. யோபு நூலில் வரும் சாத்தான் கடவுளுக்கு எதிராகத் தனி ராஜ்யம் நடத்துகிறவன் இல்லை. கடவுளின் சபையிலேயே வந்து நின்று மனிதர்கள்மேல் குற்றம் சாட்டுகிறவன், ஏறக்குறைய அரசு வக்கீல் மாதிரி. யோபுவின் சொத்தைத் தொடுவதற்கே அவனுக்குக் கடவுளின் அனுமதி வேண்டியிருந்தது. உயிரைத் தொடக்கூடாது என்று எல்லையும் போடப்பட்டது. பிள்ளைகள் செத்து, ஆடுமாடு போய், உடம்பெல்லாம் புண்ணான பிறகும் யோபுவின் வாயிலிருந்து கடவுள்மேல் ஒரு சாபத்தை அவனால் வரவழைக்க முடியவில்லை. பின்னாளில் ரேஷ் லாக்கிஷ் என்ற ரபி, சாத்தானும் மனிதனுக்குள் இருக்கும் தீய நாட்டமும் மரண தூதனும் ஒன்றேதான் என்று சொன்னது யூதர்களின் சட்ட விளக்கத் தொகுப்பான தல்முதில் இருக்கிறது.

உங்கள் தம்பிக்கு நான் படித்துக் காட்டச் சொல்வது தாவீதின் கதை. உங்கள் ஆர்.சி. பைபிளில் 1 குறிப்பேடு 21ஆம் அதிகாரம். சாத்தான் தூண்டி தாவீது மக்கள்தொகையைக் கணக்கெடுத்தார் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. இதைவிட நல்ல சாக்கு யாருக்குக் கிடைக்கும்? ஆனால் தாவீது, பெரும் பாவம் செய்தவன் நான்தான் என்கிறார். சாத்தான் பெயரையே எடுக்கவில்லை.

கிறிஸ்தவத்தில் அவன் வீழ்ந்த வானதூதன். ஏதேன் தோட்டத்துப் பாம்பும் அவன்தான் என்று திருவெளிப்பாடு சேர்த்துச் சொல்கிறது. இங்கே அவன் கடவுளின் பகைவன், இந்த உலகின் தலைவன் என்றுகூட யோவான் நற்செய்தி சொல்கிறது. அந்த அளவு பலம் உள்ளவன் இயேசுவைக் கோவில் உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு என்ன சொன்னான்? ‘கீழே குதியும்’ என்று சொன்னான். தள்ளிவிடவில்லை. புனித ஜெரோம் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு எழுதினார்: சாத்தானால் பேசி இணங்க வைக்க முடியும், பிடித்துத் தள்ள முடியாது. யாக்கோபு திருமுகம் இன்னும் நேராகச் சொல்கிறது: ஒவ்வொருவரும் தம் சொந்த ஆசையால்தான் சோதிக்கப்படுகிறார்கள்.

இஸ்லாத்தில் ஷைத்தானின் பெயர் இப்லீஸ். அவன் நெருப்பால் படைக்கப்பட்டவன், ஜின் இனத்தவன். ஆதமுக்குப் பணியச் சொன்னபோது பெருமையால் மறுத்தான். விரட்டப்பட்டபோது மறுமை நாள்வரை அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் வேலை வஸ்வாஸ், அதாவது உள்ளத்தில் ஊசாட்டம் போடுவது, அவ்வளவுதான். குர்ஆன் 14ஆம் அத்தியாயம் 22ஆம் வசனத்தை அந்த பாயிடமே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தீர்ப்பு முடிந்தபின் ஷைத்தானே தன் ஆட்களிடம் பேசுகிறான்: உங்கள்மேல் எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, நான் கூப்பிட்டேன், நீங்கள் வந்தீர்கள், என்னைப் பழிக்காதீர்கள், உங்களையே பழித்துக்கொள்ளுங்கள். தாயத்து விஷயத்தில் மார்க்க அறிஞர்களான ஆலிம்களில் பலர் கடுமையாக எதிர்ப்பவர்கள் என்பதையும் அவர் அறிந்திருப்பார்.

சரி, பேய் பிடித்தவனுக்கு? இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள், ஊழியக்காரர் காசு பார்ப்பதும் இங்கேதான். கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே இதைத் தீர்த்துவைத்துவிட்டார். ஒருவனுடைய அறிவையே முழுக்கக் கட்டிப்போட்டு சாத்தான் அவனை ஒரு காரியம் செய்ய வைக்கலாம், ஆனால் அப்படிச் செய்தது அவன் கணக்கில் பாவமாக எழுதப்படாது. மூன்று பேரை விட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, அதாவது அவர்கள் செய்வது பாவமாக எழுதப்படாது என்று நபிமொழியும் உண்டு: தூங்குபவர் விழிக்கும்வரை, குழந்தை பருவம் அடையும்வரை, புத்தி பேதலித்தவர் தெளியும்வரை. யூதச் சட்டத்திலும் கட்டாயத்துக்கு ஆளானவன் குற்றவாளி அல்ல. ஆக, அறிவு இருந்தால் சாத்தான் கட்டாயப்படுத்தவில்லை. அறிவே இல்லாவிட்டால் அது பாவமே இல்லை. ‘சாத்தான் என்னைக் கட்டாயப்படுத்திப் பாவம் செய்ய வைத்தான்’ என்ற வாக்கியத்துக்கு இரண்டு பக்கமும் இடமில்லை.

உங்கள் தம்பி எந்தப் பக்கம்? நீங்களே பாருங்கள். கூலிப் பணம் எங்கே என்று ஆட்கள் கேட்டபோது ஆபீசில் செக் வரவில்லை என்று கதை சொன்னாரா? சீட்டை ஒளித்து வைத்தாரா? ஆள் வந்தால் நிறுத்தி, ஆள் போனதும் தொடர்ந்தாரா? அப்படியென்றால் அறிவு நன்றாகவே வேலை செய்திருக்கிறது. அதற்கு ஆர்.சி.யில் வழி பாவசங்கீர்த்தனம், காசு கிடையாது. கூலியைத் திருப்பிக் கொடுப்பதும் அதோடு சேர்ந்தது. மாறாக, தூக்கமே இல்லாமல் இருக்கிறார், காதில் குரல் கேட்கிறது என்கிறார், செய்தது நினைவில்லை என்கிறார் என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். லாட்டரியை விட நினைத்தும் விட முடியவில்லை என்றாலும் அங்கேதான். உடனே பேச வேண்டுமானால் டெலி மனஸ் எண் 14416.

கத்தோலிக்கச் சபையில் முறையான பேயோட்டும் சடங்கை ஆயரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குரு மட்டுமே செய்யலாம். திருச்சபைச் சட்டம் 1172 அதைத்தான் சொல்கிறது. பேய் என்று முடிவுகட்டும் முன் மருத்துவரைக் கேட்பதும் அதன் நடைமுறை. கட்டணம் என்ற பேச்சே இல்லை. ஆனால் இதை எந்தப் பங்கில் ஞாயிறு பிரசங்கத்தில் சொல்கிறார்கள்? சொல்லியிருந்தால் பாதிப் பேர் கடைவீதியில் வாடகை ஹால் பிடித்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அரசும் அப்படித்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவில் குணமாகும் என்று நம்பி ஆட்களைக் கூட்டிவரும் ஏர்வாடியில், தனியார் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிக்கிடந்த மனநோயாளிகள் தீயில் மாட்டி 28 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகாவது மகாராஷ்டிரமும் கர்நாடகமும் கொண்டுவந்தது போல இங்கே ஒரு மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம் வரும் என்று பார்த்தோம். விளம்பரத்தில் தாயத்தால் நோய் தீரும் என்பதைத் தடுக்க 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, சுவரொட்டிகளும் இருக்கின்றன.

அந்த ஊழியக்காரர் தம்பியைத் தனியாக மூன்று நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னாலோ, மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, அடிக்க வேண்டியிருக்கும் என்றாலோ அங்கே ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். கொடுத்த 5,000 ரூபாயைக் கேளுங்கள். அவர் பணம் கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். தர மறுத்தால் அதையே எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.