மண்ணீரல் 14.6 செ.மீ.: மலேரியாவா, கல்லீரலா?

கேள்வி: எனக்கு 41 வயது. மங்களூரில் கொத்தனார் வேலை பார்த்தபோது வைவாக்ஸ் மலேரியா வந்தது. மருந்து சாப்பிட்டுக் காய்ச்சல் விட்டு ஆறு வாரம் ஆகிறது. இப்போது எடுத்த வயிற்று ஸ்கேனில் 'ஸ்ப்ளீன் 14.6 செ.மீ., லேசான வீக்கம்' என்று போட்டிருக்கிறார்கள். பத்து வருடமாகக் குடிப்பழக்கமும் உண்டு. கல்லீரல் கெட்டுவிட்டதா?

பதில்: 14.6 என்ற எண்ணை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் அதே ரிப்போர்ட்டும் ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் வழி காட்டிவிடும்.

முதலில் அளவு. பெரியவர்களுக்கு மண்ணீரலின் நீளம் பொதுவாக 12 செ.மீ.க்குள் இருக்கும். நல்ல உயரமான ஆண்களுக்கு 13 வரை போவதும் உண்டு. உங்களைச் சற்று வலப்பக்கம் சாய்த்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்துப் பார்த்திருப்பார்கள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை இழுக்கும் கோடுதான் அந்த எண். கருவி கொஞ்சம் சாய்ந்தாலோ, மூச்சைப் பிடிப்பது மாறினாலோ அரை செ.மீ., சில நேரம் ஒரு செ.மீ.கூட வித்தியாசம் வரும். அதனால் அடுத்த ஸ்கேனையும் அதே இடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலேரியாவில் கிருமி புகுந்த சிவப்பணுக்களை வடிகட்டி அழிக்கும் வேலை மண்ணீரலுடையது. வேலை கூடும்போது அது வீங்குகிறது. காய்ச்சல் விட்ட மறுநாளே சுருங்கிவிடாது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மெதுவாகத்தான் வடியும். ஆகவே ஆறு வாரத்தில் வீக்கம் மிச்சம் இருப்பது நடக்கக்கூடியதுதான்.

கல்லீரல் நோயில் கதை வேறு. மண்ணீரலிலிருந்து வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் போக வேண்டும். கல்லீரல் தழும்பேறி இறுகினால் அந்தப் பாதையில் அழுத்தம் ஏறி, ரத்தம் பின்னால் தேங்கி மண்ணீரல் பெருக்கிறது. பெருத்த மண்ணீரல், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்வதால் ரத்தத்தில் அவை குறையும்.

என்னிடம் வந்த இருவரைச் சொல்கிறேன். ஒருவருக்கு மலேரியா முடிந்து ஒரு மாதத்தில் மண்ணீரல் 14.8. தட்டணுக்கள் 2 லட்சத்து 10 ஆயிரம், கல்லீரல் ஸ்கேனில் சீராகத் தெரிந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 12.1க்கு வந்துவிட்டது. இன்னொருவருக்கு 13.6தான். ஆனால் தட்டணுக்கள் 90 ஆயிரம், போர்ட்டல் சிரை 15 மி.மீ., கல்லீரலின் மேற்பரப்பு கரடுமுரடு. சின்ன எண் வந்த அவருக்குத்தான் கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் இருந்தது.

நீங்களும் அப்படியே பாருங்கள். ரிப்போர்ட்டில் கல்லீரல் பகுதியில், ஸ்கேனில் அது சொரசொரப்பாகத் தெரிவதைச் சொல்லும் 'கோர்ஸ் எக்கோடெக்ஸ்ச்சர்' என்றோ, மேற்பரப்பு ஒழுங்கற்றது என்றோ, வயிற்றில் நீர் என்றோ இருக்கிறதா? போர்ட்டல் சிரை 13 மி.மீ.க்கு மேல் இருக்கிறதா? அப்புறம் ரத்த அணுக்களை எண்ணிச் சொல்லும் சி.பி.சி. பரிசோதனை. மலேரியாவிலும் தட்டணுக்கள் குறையும் என்றாலும், மருந்து வேலை செய்தால் ஓரிரு வாரத்தில் ஏறிவிடும். ஆறு வாரம் கழித்தும் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே நின்றால் நான் மலேரியாவை விட்டுக் கல்லீரலைத்தான் சந்தேகிப்பேன். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வேன். அதே பரிசோதனையில் வெள்ளணுக்கள் மிக அதிகமாக இருந்தால் ரத்த நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எல்லாம் சீராக இருந்தாலும் ஆரம்பக் கட்டக் கல்லீரல் பாதிப்பு ஸ்கேனில் தெரியாமல் போகலாம் என்பதால், உங்கள் பழக்கத்துக்குக் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையான எல்.எஃப்.டி.யும் எடுத்துவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும்: 14 நாள் பிரைமாகுயின் மாத்திரையை முழுதாகச் சாப்பிட்டீர்களா? மூன்று நாள் குளோரோகுயினில் காய்ச்சல் நின்றதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்பும், மண்ணீரலும் மறுபடி வீங்கும். விட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லி ஜி6பி.டி. என்ற நொதியின் பரிசோதனை பார்த்த பிறகு எடுங்கள். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மருந்தால் சிவப்பணுக்கள் உடையும். மறுபடி குளிர்க்காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனையில் கோளாறு இல்லையென்றால் மூன்று மாதத்தில் ஸ்கேனைத் திரும்ப எடுங்கள். வீக்கம் குறையாவிட்டால் மலேரியாவின் மிச்சம் என்று விட்டுவிடாமல் காரணம் தேட வேண்டும். அதுவரை ஒரு சொட்டு மதுவும் வேண்டாம். வயிற்றை உருவுவது, குடல் தட்டுவது எதற்கும் யாரிடமும் போகாதீர்கள். வீங்கிய மண்ணீரல் அடிபட்டால் கிழிந்துவிடும். இடது விலாவுக்குக் கீழே திடீரென்று கடும் வலி வந்து, அது இடது தோளுக்கு ஏறி, தலை சுற்றினாலோ, ரத்த வாந்தியோ கருப்பு மலமோ வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.