புது போர்டுக்கு முதல் தடவை மின்சாரம் கொடுப்பது எப்படி?

கேள்வி: 12 வோல்ட்டை 5 ஆகவும், அதை 3.3 ஆகவும் குறைக்கும் போர்டு ஒன்று செய்தேன். எரிக்காமல் எப்படி ஓன் பண்ணுவது?

முதலில் மின்சாரமே வேண்டாம். மூன்று லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையிலான தடையை மல்டிமீட்டரில் பாருங்கள். 12 வோல்ட் வாயிலை மட்டும் பார்த்தால் போதாது. கன்வெர்ட்டருக்கு அப்பாலுள்ள ஷோர்ட் அங்கே தெரியாது.

உப்புவெளியில் என் வீட்டு மேசையில் ஒருநாள் சோம்பலில் 12 வோல்ட் வாயிலை மட்டும் பார்த்துவிட்டு ஒரு போர்டுக்கு மின்சாரம் கொடுத்தேன். நல்லகாலம், சப்ளையில் 12 வோல்ட் வைத்து, கரண்ட் வரம்பை 50 மில்லிஆம்பியருக்கு இறக்கியிருந்தேன். போட்டவுடன் வரம்பு விளக்கு எரிந்தது. கணநேரம் எரிந்து அணைந்தால் கப்பாசிட்டர்கள் நிரம்புகின்றன, பயமில்லை. இது அணையவில்லை, வோல்ட்டேஜ் விழுந்து விழுந்து எழும்பியது. உடனே நிறுத்தினேன்.

3.3 ரெகுலேட்டருக்குப் போகும் பூச்சிய ஓம் ஜம்பரைக் கழற்றிவிட்டுப் போட்டால், 5 வோல்ட் ஒழுங்காக வந்தது, 8 மில்லிஆம்பியர்தான். அப்போ பிழை 3.3 பக்கம். அந்த லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 2 ஓம்தான், ஷோர்ட்.

அப்புறம் 12 வோல்ட்டை நிறுத்தி, 3.3 லைனுக்கு நேரடியாக 1 வோல்ட், அரை ஆம்பியர் வரம்போடு கொடுத்தேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹோலைப் பூசினால் சூடான இடம் முதலில் காயும். காய்ந்தது ஒரு செராமிக் கப்பாசிட்டர், உள்ளே விரிசல் விட்டிருந்தது. மாற்றினேன், ஜம்பரைத் திரும்ப ஒட்டினேன், 3.3 வந்தது. மைக்ரோகன்ட்ரோலருக்கு புரோகிராம் ஏற்றியது அதற்குப் பிறகுதான். வரம்பையும் அப்போதுதான் 200 மில்லிஆம்பியருக்கு உயர்த்தினேன்.