கல்விக்கடன் பட்டுவாடா அட்டவணை: வட்டி எப்படிக் குறிப்பது?

“4 லட்சத்துக்கு 10% தனிவட்டி, 58 மாதம். 1,93,333 வருகிறது. வங்கி 1,33,333 என்கிறது. முதல் தவணை எப்போது?”

வங்கிக் கணக்குதான் சரி. முதல் தவணை ஜூன் 2026.

நீங்கள் முழு 4 லட்சத்துக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி போட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் அது கல்லூரிக்குப் போன தேதியிலிருந்துதான் வட்டி ஓடும். 2021 முதல் 2024 வரை ஆகஸ்ட் 1தோறும் ஒரு லட்சம் என்றால், மே 2026 முடிய முறையே 58, 46, 34, 22 மாதம். மொத்தம் 160. லட்சத்துக்கு மாதம் 833.33 வீதம் பெருக்குங்கள், 1,33,333 வந்துவிடும்.

படிப்பு மே 2025இல் முடிகிறது, அப்புறம் ஓராண்டு அவகாசம். அதுவரை வட்டியைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், அசலோடு கூட்டாதீர்கள். அவகாசம் முடிந்ததும் இரண்டையும் சேர்த்த 5,33,333க்குத்தான் மாதத் தவணை போடுவார்கள்.

பாஸ்புக்கில் முதல் ஆண்டின் வட்டிப் பதிவுகளைப் பாருங்கள். 30 நாள் மாதத்துக்குச் சுமார் 822, 31 நாளுக்கு 849 இருக்க வேண்டும். அடுத்த பட்டுவாடாவுக்கு முன்பே அது மெல்ல ஏறினால், வட்டிக்கு வட்டி போடுகிறார்கள் என்று அர்த்தம். உடனே எழுத்தில் கேளுங்கள்.

ஒன்று, வட்டி விகிதம் மாறக்கூடியது என்றால் இடையில் விகிதம் மாறிய மாதத்திலும் தொகை நகரும். அட்டவணையில் உள்ள தேதியை நம்பாமல், பணம் உண்மையில் போன தேதியை எடுத்துக்கொள்ளுங்கள்.