கேள்வி-பதில்: தள்ளுவண்டி, கடப்பாரை, கொஞ்சம் கணக்கு

குப்பை பொறுக்க நீளமான இடுக்கி வாங்கினேன். நீளம் கூடினால் கைக்குப் பாரம் குறையும் என்றார் கடைக்காரர். நிஜமா? (அல்சூர்)

பொய். இடுக்கி மூன்றாம் வகை நெம்புகோல், கை அழுத்துவது நடுவில், பளு நுனியில். நுனி நீள நீளக் கைக்குத்தான் வேலை அதிகம்.

வீடு கட்டுகிறோம். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி இரண்டு பார்த்தேன், தொட்டி ஒரே அளவு. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார்கள். விலை குறைந்ததை வாங்கினேன், மணல் ஏற்றித் தூக்கினால் தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது. (கே.ஆர்.புரம்)

ஏமாற்றிவிட்டார்கள், உங்கள் மேல் தப்பே இல்லை. பெங்களூரில் எந்த ஹார்டுவேர் கடையிலும் தொட்டி எத்தனை லிட்டர், டயர் எவ்வளவு தடிமன் என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள், சக்கர அச்சிலிருந்து தொட்டியின் நடு எவ்வளவு தூரம் என்று கேட்டால் மட்டும் முழிப்பார்கள். எனக்கு ரத்தம் கொதிப்பது இதில்தான், ஏனென்றால் பாரத்தைத் தீர்மானிப்பதே அந்தத் தூரம்தான்.

இது இரண்டாம் வகை. அச்சு ஆதாரப்புள்ளி, பளு நடுவில், கை கடைசியில். பளுவை அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன். கையின் விசையை அதன் தூரத்தால் பெருக்கி வருவதும் அதே அளவு இருந்தால்தான் வண்டி எழும். நீங்கள் அனுப்பிய அளவுப்படி கைப்பிடி 150 செ.மீ., தொட்டி நடு 75. மணலும் தொட்டியும் சேர்த்து 90 கிலோ என்று வையுங்கள். 90 × 75 = 6750, அதை 150-ஆல் வகுத்தால் 45 கிலோ. நீங்கள் விட்டுவிட்டு வந்த வண்டியில் தொட்டி நடு 50, அதே மணலுக்கு 30 கிலோ போதும்.

மாற்றித் தர மறுத்தால், மணலைச் சக்கரப் பக்கமாகக் குவியுங்கள். பளுவின் நடு 60-க்கு வந்தால் 36 கிலோ. அப்புறம் இதெல்லாம் தூக்குகிற கணக்கு மட்டும். தள்ளுவது கடினமாக இருந்தால் டயரில் காற்றைப் பாருங்கள்.

200 கிலோ கல் பலகையைப் புரட்ட 5 அடிக் கடப்பாரை போதுமா, 6 அடி வாங்கவா? அவசரம், கடையில் நிற்கிறேன். (ஜெயநகர்)

கடையில் நின்றுகொண்டா கேட்பது? 5 அடி போதும். ஒரு ஓரத்தை மட்டும் கிளப்புவதால் பாதி எடை, சுமார் 100 கிலோதான் நுனியில் வரும். முட்டுக்கல்லை நுனியிலிருந்து 15 செ.மீ.-இல் வைத்தால் மறுபக்கம் 135. 100 × 15-ஐ 135-ஆல் வகுத்தால் 11 கிலோ. அதையே 30-இல் வைத்தால் 25 கிலோ. 6 அடிக் கடப்பாரையை வாங்கி முட்டுக்கல்லை 30-இல் வைத்தாலும் 20 கிலோ ஆகும், அதனால் நீளத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஒன்று, கையை 45 செ.மீ. இறக்கினால் கல் 5 செ.மீ.தான் எழும், ஆப்பு செருகிச் செருகித்தான் போக வேண்டும். முட்டின் மேல் இரண்டு பாரமும் சேர்ந்து 111 கிலோ இறங்கும், செங்கல் வைத்தால் நொறுங்கும்.

தட்டிப் பார்த்து வாங்குங்கள். கறுப்பு பெயின்ட் அடித்த குழாயைக் கடப்பாரை என்று என் தலையில் கட்டினார்கள், முதல் கல்லிலேயே வில்லாக வளைந்தது.