நைட் மோடுக்காகப் புது போன் வாங்கணுமா?

கேள்வி: தை அமாவாசையை ஒட்டிய விடுமுறையில் குடும்பத்தோடு ஏலகிரி போகிறோம். மலையிலிருந்து தெரியும் ஊர் விளக்குகளையும் நட்சத்திரங்களையும் போனில் எடுக்க ஆசை. என் போன் 18 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியது, நைட் மோடு இருக்கிறது. ஆனாலும் விளக்குகள் வெள்ளைத் திட்டுகளாகவும், வானம் கலங்கலாகவும் வருகிறது. நல்ல போன் வாங்கணுமா, இல்லை டிரைபாட் போதுமா?

பதில்: போனை மாற்றாதீர்கள். ஏற்கெனவே எடுத்த படம் ஒன்றைத் திறந்து நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா விளக்கும் ஒரே மாதிரி வளைந்து, ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. வண்டிகளின் விளக்கு மட்டும் கோடாகியிருந்தால் வண்டி நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு விளக்கையும் சுற்றிப் புகை போல ஒளி பரவியிருந்தால் லென்ஸில் விரல் பிசுக்கு. பருத்தித் துணியால் துடைத்தாலே போய்விடும். இந்த மூன்றில் எதற்கும் புது போன் மருந்தில்லை.

நைட் மோடு ஒரே படத்தை எடுப்பதில்லை. சில நொடிகளில் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சேர்க்கிறது. எவ்வளவு நேரம் எடுக்கலாம் என்பதைப் பல போன்கள் தங்கள் ஆட்டத்தை அளந்துதான் முடிவு செய்கின்றன. ஐபோனில் இது தெளிவாகத் தெரியும்: கையில் பிடித்தால் சில நொடிதான் காட்டும், இருட்டில் டிரைபாடில் அசையாமல் நின்றால் அதே போன் 30 நொடி வரை அனுமதிக்கும். பிக்சல் போன்களின் நட்சத்திரப் பயன்முறையும் போன் அசையாமல் இருந்தால்தான் தலைகாட்டும்.

ஊர் விளக்குக்கு டிரைபாட்கூட அவசியமில்லை. கால் கிலோ அரிசி போட்டுக் கட்டிய துணிப்பையைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்து, போனை அதில் அழுத்திச் சாய்த்தால் நிற்கும். விரலால் பட்டனைத் தொடும்போதே போன் ஆடிவிடுவதால் 3 நொடி டைமர் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். சூரியன் மறைந்து 20, 30 நிமிடத்தில், வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போதே எடுப்பது நல்லது. முழு இருட்டில் மலைக்கும் வானத்துக்கும் வித்தியாசமே தெரியாது. வெள்ளைத் திட்டு வருவதற்குக் காரணம் நைட் மோடு இருட்டை வெளிச்சமாக்கப் பார்ப்பதுதான். திரையில் விளக்குக் கூட்டத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால், திட்டாக இருந்தவை தனித்தனி விளக்குகளாகப் பிரியும். ஜூம் வேண்டாம், அல்ட்ராவைடும் வேண்டாம். பெரும்பாலான போன்களில் வெளிச்சத்தை நன்றாக வாங்குவது பிரதான கேமராதான்.

நட்சத்திரங்களுக்கு டிரைபாட் தேவை. அமாவாசையை ஒட்டிப் போவது உங்கள் அதிர்ஷ்டம், நிலவு குறுக்கே வராது. அந்தப் பக்கத்து ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருப்பதற்கு, அது நகர வெளிச்சத்துக்கு எட்டாத இடம் என்பதும் ஒரு காரணம். நீங்களும் விடுதி விளக்குகளுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். தை மாத இரவில் வரிசையாக மூன்று நட்சத்திரம் கொண்ட ஓரையன் விண்மீன் கூட்டம் எளிதில் கண்ணில் படும். அதைக் குறிவைத்து, அளவுகளை நாமே வைக்கும் ப்ரோ மோடில், ஒளியுணர்வைக் குறிக்கும் ISO 1600, ஷட்டர் 15 நொடி என்று தொடங்குங்கள். 30 நொடிக்குப் போனால் பூமியின் சுழற்சியால் புள்ளிகள் சிறு கோடுகளாகிவிடும். ஃபோகஸை மலைக்குறி இருக்கும் முனைக்குத் தள்ளி ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். நட்சத்திரம் ஊதியது போல இருந்தால் மயிரிழை பின்னே இழுத்து இன்னொன்று எடுங்கள். சில போன்களில் அந்த முனை சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. போனின் மேல் மாட்டுவதற்கெனக் கடையில் விற்கும் லென்ஸ்கள் கூடுதல் வெளிச்சம் எதையும் கொண்டுவருவதில்லை, வாங்காதீர்கள்.

டிரைபாடைக் கடையில் நேரில் பார்த்து வாங்குங்கள். முழு உயரத்துக்கு நீட்டி, போனை மாட்டி, மேலே விரலால் தட்டுங்கள். ஆட்டம் உடனே அடங்கினால் எடுக்கலாம். தட்டிய பிறகும் தலை ஆடிக்கொண்டே இருந்தால் மலைக்காற்றில் அது உதவாது. குட்டையாக, கனமாக இருப்பதே மேல். போனைப் பிடிக்கும் கிளாம்ப் பக்கத்துப் பட்டன்களை அழுத்தாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பின்னாளில் புது போன் வாங்க நேர்ந்தால் மெகாபிக்சலைக் கேட்காதீர்கள். பிரதான கேமராவில் OIS, அதாவது கை ஆட்டத்துக்கு ஏற்ப லென்ஸையே நகர்த்திச் சரிக்கட்டும் வசதி, உண்டா என்று கேளுங்கள். விளம்பரத்தில் EIS என்று மட்டும் இருந்தால், அது ஆட்டத்தை மென்பொருளால் சரிசெய்வது, பெரும்பாலும் வீடியோவுக்கானது. அங்கேயே ப்ரோ மோடைத் திறந்து ஷட்டர் எத்தனை நொடி வரை போகிறது என்றும் பாருங்கள். 10 நொடிக்குக் கீழே நின்றுவிட்டால் நட்சத்திரத்துக்கு அந்த போன் சிரமம்.