நோயாளிகளின் விவரம் கசிந்துவிட்டது: ஊழியர்களிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: கோவையில் லேப் வைத்திருக்கிறேன். ஊழியர்கள் 14 பேர். நோயாளிகளின் பெயர், போன் நம்பர், ரிசல்ட் எல்லாம் உள்ள கூகுள் ஷீட், லிங்க் கிடைத்தால் யாரும் திறக்கும்படி இருந்திருக்கிறது. இன்று காலை ஒரு நோயாளி சொல்லித்தான் தெரிந்தது. ஷீட்டை அழித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாமா?

பதில்: அழிக்காதீர்கள், அதுதான் உங்கள் சாட்சியம். பகிர்வு அமைப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, 'Restricted' என்று மாற்றுங்கள்.

அடுத்தது, சைபர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன். 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, தகவல் கசிவு தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் incident@cert-in.org.in முகவரிக்கு எழுத வேண்டும். கையில் உள்ளதை முதலில் அனுப்பலாம், மீதி விவரம் பிறகு போகலாம். நேரம் தாண்டியிருந்தாலும் அனுப்புங்கள்.

ஊழியர்களிடம் இன்றே சொல்லுங்கள். நாளைக்கு நோயாளிகளின் போனை எடுக்கப்போவது அவர்கள்தான். விஷயம் தெரியாதவர் "அப்படி எதுவும் இல்லீங்க" என்பார், அந்தப் பதில் பின்னால் உங்களுக்கு எதிராகவே வரும். எல்லோரையும் நேரில் கூப்பிட்டுப் பேசுங்கள். அப்புறம் அதையே எழுத்திலும் கொடுங்கள். இப்படி இருக்கலாம்:

"நோயாளிகளின் விவரம் உள்ள ஷீட், லிங்க் உள்ள யாரும் பார்க்கும்படி இருந்தது. இன்று காலை தெரிந்தது, மூடிவிட்டோம். யார் பார்த்தார்கள் என்று இன்னும் தெரியாது. அந்த லிங்க்கோ, ஷீட்டின் பிரதியோ உங்கள் போனில் இருந்தால் அழிக்க வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம், என்னிடம் சொல்லுங்கள். யாராவது கேட்டால் பெயரையும் நம்பரையும் குறித்துக்கொண்டு எனக்குத் தாருங்கள்."

"யாரும் பார்க்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சாதாரண ஜிமெயில் கணக்கில், லிங்க் வழியாக யார் பார்த்தார்கள் என்ற பதிவு உங்களுக்குக் கிடைக்காது.

லிங்க்கைத் திறந்து வைத்தவர் யார் என்று கூட்டத்தில் கேட்கவும் வேண்டாம். பயந்துபோய் வாட்ஸப் மெசேஜை அழித்துவிடுவார்கள். அவரிடம் தனியாகப் பேசுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவில் சிறைத் தண்டனை உண்டுதான். ஆனால் அது நஷ்டம் விளைவிக்கும் எண்ணத்தோடோ, விளையும் என்று தெரிந்தோ தகவலை வெளியிட்டவருக்கு. கவனக்குறைவுக்கு இழப்பீடு கேட்டால், 43ஏ பிரிவின்கீழ் பதில் சொல்ல வேண்டியது நிறுவனம், அதாவது நீங்கள். மருத்துவ விவரம் அந்தப் பிரிவின்கீழ் உள்ள விதிகளில் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் அந்தரங்கத் தகவலாகவே கருதப்படுகிறது.

நோயாளிகளுக்கும் சொல்லுங்கள். 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது கட்டாயம். அந்தக் கடமை 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகிறது என்றாலும் அதுவரை காத்திருக்காதீர்கள். ரிசல்ட்டைக் காட்டி யாராவது பணம் கேட்டு மிரட்டினால், முன்பே எச்சரிக்கை பெற்றவர் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைப்பார்.